அம்மாவுக்கு ஸ்டென்ட், முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக்

*டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் அம்மாவுக்கு 66 வயது. இரண்டு வருடத்துக்கு முன் ஹார்ட் அட்டாக் வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின் 75, அட்டோர்வாஸ்டாட்டின், ராமிப்ரில், மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மூன்று மாதமாக டைக்ளோஃபெனாக் 50 காலையிலும் இரவிலும் போடுகிறார், கூடவே வயிற்றுக்குப் பான்டோப்ரசோல். போன வாரம் இதய டாக்டர் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். நிறுத்தினால் மாடி ஏற முடியவில்லை, அதனால் திரும்ப ஆரம்பித்துவிட்டார். ஆஸ்பிரின்தான் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிறதே, பிறகென்ன பயம்? வாரத்தில் இரண்டு நாள் மட்டும் போட்டால் பரவாயில்லையா? வேறு என்ன கொடுக்கலாம்? பத்து நாளாகச் செருப்பு இறுக்கமாக இருக்கிறது, வார் பதிந்து கோடு விழுகிறது என்கிறார். அதற்கும் முழங்காலுக்கும் சம்பந்தம் உண்டா?*

அன்புள்ள சகோதரிக்கு,

செருப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் போகிற போக்கில் கடைசியாக எழுதியது அது. எனக்கு முதலில் பார்க்க வேண்டியதாகப் பட்டதும் அதுதான்.

இன்று மாலை அம்மாவை உட்காரவைத்து, கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்னெலும்பின் மேல் உங்கள் கட்டைவிரலால் ஐந்தாறு விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு எடுங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் அது நீர். முழங்கால் தேய்மானத்தில் முட்டி வீங்கும். இரண்டு பாதமும் சேர்ந்து வீங்குவது அரிது. சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றுவதற்கு புரோஸ்டாகிளாண்டின் என்கிற பொருள் உதவுகிறது. டைக்ளோஃபெனாக் வலியைக் குறைப்பதே அந்தப் பொருளின் உற்பத்தியைத் தடுத்துத்தான். மூட்டில் தடுத்தால் வலி குறைகிறது, சிறுநீரகத்தில் தடுத்தால் உப்பும் நீரும் உடம்பிலேயே தங்கிவிடுகின்றன. நல்ல இதயம் அந்தக் கூடுதல் சுமையைத் தாங்கிக்கொள்ளும். ஒரு பகுதி ஏற்கெனவே அடிபட்ட இதயம் அவ்வளவு சுலபமாகத் தாங்காது. இந்த வகை வலி மாத்திரைகள் எதை எடுத்தாலும், அதிக அளவில் தொடர்ந்து போடுகிறவர்கள் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது.

அதனால் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. இந்த வாரத்துக்குள் அம்மாவைக் கூட்டிப்போய் எடை, ரத்த அழுத்தம், ரத்தத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். காலில் வீக்கம் இருப்பதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், அவராகக் கேட்பார் என்று இருக்க வேண்டாம். எக்கோ தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். காரணம் மாத்திரை மட்டும்தான் என்றால், நிறுத்திய சில நாட்களிலேயே வீக்கம் வடிய ஆரம்பிக்கும். தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும் எடை பார்த்து ஒரு தாளில் குறித்து வாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருந்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சு வலி, தார் போலக் கறுத்த மலம், சிறுநீர் நன்றாகக் குறைவது, இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது.

இந்த இடத்தில் பலர் வீட்டில் ஒரு தவறு செய்கிறார்கள். கால் வீக்கம் என்றதும் முன்பு யாருக்கோ எழுதிக்கொடுத்த நீர் இறக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் அம்மா ராமிப்ரில் சாப்பிடுகிறார். ராமிப்ரில், வலி மாத்திரை, நீர் மாத்திரை மூன்றும் ஒரே சமயத்தில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தின் அழுத்தம் மூன்று பக்கமிருந்தும் குறைகிறது. வயதானவர்களுக்குச் சிறுநீரகம் திடீரென்று அடிவாங்குவதற்கு இந்தக் கூட்டு ஒரு முக்கியமான காரணம். நீர் மாத்திரை தேவைப்படலாம். ஆனால் அது வலி மாத்திரையை நிறுத்திய பிறகு, ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் தரவேண்டியது.

இப்போது ஆஸ்பிரின் விஷயம். நியாயமான கேள்வி இது. டாக்டர்களே இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரத்தக் குழாயின் உட்சுவர் புரோஸ்டாசைக்ளின் என்ற பொருளைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அது ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளி வைக்கும், குழாயையும் தளர்த்தி வைக்கும். தட்டணுக்கள் தம் பங்குக்கு திராம்பாக்சேன் என்ற பொருளை உண்டாக்கும். அது ஒட்டவைக்கும், குழாயையும் சுருக்கும். ஆரோக்கியமான குழாயில் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன. குழாய்ச் சுவரில் புரோஸ்டாசைக்ளின் உருவாவதற்கு முக்கியமாக வேண்டியது காக்ஸ்-2 என்ற நொதி. தட்டணுவில் திராம்பாக்சேனுக்கு வேண்டியது காக்ஸ்-1. டைக்ளோஃபெனாக் இரண்டையும் தடுக்கும் பழைய வகை மாத்திரை என்றுதான் பெயர். ஆனால் சாதாரண அளவில் அது காக்ஸ்-2 பக்கமே அதிகம் சாய்கிறது. ரோஃபெகாக்சிப் என்று ஒரு மருந்து இருந்தது. காக்ஸ்-2 ஒன்றையே குறிவைக்கும் மருந்து அது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகின்றன என்று தெரிந்ததால் 2004 செப்டம்பரில் உலகம் முழுவதும் அதைத் திரும்பப் பெற்றார்கள். டைக்ளோஃபெனாக்கின் இதய ஆபத்தும் அந்த வகை மருந்துகளின் ஆபத்தை ஒத்ததாகவே பிறகு வந்த பெரிய தொகுப்பாய்வுகளில் தெரிந்தது.

'தட்டணுவை ஆஸ்பிரின் பார்த்துக்கொள்கிறதே' என்று நீங்கள் கேட்பது பாதி சரி. திராம்பாக்சேனை ஆஸ்பிரின் அடக்கிவிடுகிறது. ஆனால் தட்டணுவைத் தூண்டுவது அது ஒன்று மட்டுமில்லை. திராம்பின், ஏடிபி என்று வேறு வழிகளும் உண்டு, அவற்றையும் சேர்த்து அடக்கி வைப்பது புரோஸ்டாசைக்ளின்தான். டைக்ளோஃபெனாக் அதைக் குறைத்துவிட்டால், திறந்து கிடக்கும் மற்ற வழிகளுக்குக் காவல் குறைந்துபோகிறது. இதோடு ரத்த அழுத்தம் ஏறுவதும் நீர் சேருவதும் இருக்கின்றன, அவற்றில் ஆஸ்பிரினுக்கு எந்த வேலையும் இல்லை. மறுபக்கம், ஆஸ்பிரினும் வலி மாத்திரையும் சேரும்போது ரத்தக்கசிவு ஆபத்து கூடுகிறது. பான்டோப்ரசோல் இரைப்பையையும் அதை ஒட்டிய முன்குடலையும் காக்கும். அதற்குக் கீழே உள்ள குடலுக்கோ சிறுநீரகத்துக்கோ இதயத்துக்கோ அது கவசமில்லை. வயிற்றுக்கு மாத்திரை போட்டுவிட்டால் எல்லாவற்றுக்கும் போட்டமாதிரி என்ற நம்பிக்கையை நான் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

வாரத்தில் இரண்டு நாள் என்ற யோசனைக்கும் என் பதில் வேண்டாம் என்பதே. டென்மார்க்கில் முதல் மாரடைப்புக்குப் பின் பிழைத்த 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்து 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. டைக்ளோஃபெனாக் எடுத்தவர்களுக்கு மறு மாரடைப்பு, மரணம் இவற்றின் ஆபத்து சிகிச்சை தொடங்கிய முதல் வாரத்திலேயே கூடியிருந்தது. மாதக்கணக்கில் சேர்ந்து சேர்ந்து வரும் கெடுதல் என்றால் இடைவெளி விட்டுப் போடுவதில் அர்த்தம் இருக்கும். இது அப்படி இல்லை, மருந்து ரத்தத்தில் இருக்கும் நேரத்திலேயே நடப்பது. ஐரோப்பிய மருந்துகள் முகமை 2013-இல், இதய ரத்தக்குழாய் அடைப்பு நோய், பக்கவாதம், கால் ரத்தக்குழாய் அடைப்பு, இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரை, ஊசி எதுவும் கொடுக்கக் கூடாது என்றே சொல்லிவிட்டது. 'எச்சரிக்கையோடு கொடுக்கலாம்' என்று அதில் இடம் வைக்கவில்லை.

உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை, அதனால் அளவையும் சொல்கிறேன். பலவிதமான ஆட்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளின்படி, ஒரு நாளைக்கு 150 மி.கி. வீதம் ஆயிரம் பேர் ஒரு வருடம் எடுத்தால், எடுக்காதவர்களைவிட மூன்று பேருக்குக் கூடுதலாக மாரடைப்போ பக்கவாதமோ அதையொத்த மரணமோ வருகிறது. இதயம் நன்றாக இருக்கும் முப்பது வயதுக்காரர் இரண்டு நாள் பல்வலிக்குப் போடும்போது இது மிகச் சிறிய கணக்கு. உங்கள் அம்மாவின் அடிப்படை ஆபத்து ஏற்கெனவே பல மடங்கு அதிகம், அதனால் அவருக்கு இந்தக் கூடுதலும் பெரிது. மூன்று மாதம் ஒன்றும் ஆகாமல் போனது நல்ல விஷயம். ஆனால் நான்காவது மாதத்துக்கு அது உத்தரவாதம் இல்லை.

அப்படியானால் பக்கத்து மாத்திரைக்கு மாறிக்கொள்ளலாமா? அசெக்ளோஃபெனாக் பெயரில்தான் வேறு, உடம்புக்குள் போனதும் ஒரு பகுதி டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது. எட்டோரிகாக்சிப் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், அதுவும் வேண்டாம். இபுப்ரொஃபெனில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தட்டணுவில் ஆஸ்பிரின் போய் உட்காரவேண்டிய இடத்துக்கு முன்பே போய் அது மறித்துக்கொள்கிறது. ஆஸ்பிரின் ரத்தத்தில் இருப்பது கொஞ்ச நேரம்தான், இடம் கிடைக்காவிட்டால் வேலை செய்யாமலே போய்விடும். ஸ்டென்ட் வைத்தவருக்கு இது நல்லதில்லை. மாரடைப்பைப் பொறுத்தவரை இந்த வரிசையில் ஆபத்து குறைவாகத் தெரிவது நாப்ராக்சன். ஆனால் நீர் தங்குவதும் ரத்தக்கசிவும் அதற்கும் உண்டு. பாதம் வீங்கியிருக்கும் இந்த நேரத்தில் அதையும் நான் தரமாட்டேன். பின்னால் ஏதாவது ஒரு கட்டத்தில், வேறு வழியில்லாமல், சில நாட்களுக்கு மட்டும் என்று இதய டாக்டரே முடிவு செய்தால் அது வேறு.

சரி, வலிக்கு என்ன செய்வது? மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்ததற்கு அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். நிறுத்தச் சொன்னவர்கள் மாற்று சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் ஜெல். டைக்ளோஃபெனாக் ஜெல் என்றதும் 'அதேதானே' என்று தோன்றும். மருந்து அதேதான், ஆனால் தோலில் தடவும்போது ரத்தத்துக்குப் போவது மாத்திரையில் போவதில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்குதான். முழங்கால் மூட்டு தோலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் மருந்து அங்கே போய்ச் சேர்கிறது. இடுப்பு மூட்டுக்கு இந்த வசதி இல்லை. ஜெல் பலிக்கவில்லை என்று சொல்பவர்களிடம் எவ்வளவு தடவினீர்கள் என்று கேட்பேன். பட்டாணி அளவு எடுத்துக் காட்டுவார்கள், அது போதாது. ஒரு சதவீத ஜெல் என்றால் ஒரு முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 4 கிராம், ஒரு நாளைக்கு நான்கு வேளை. 30 கிராம் டியூப் ஒரே முழங்காலுக்கே இரண்டு நாளில் தீர்ந்துபோகும் கணக்கு இது. முட்டியின் முன்புறம், இரு பக்கம், பின்புறம் எல்லாம் படும்படி மெதுவாகத் தேய்த்துவிட்டு, ஒரு மணி நேரமாவது கழுவாமல் விட வேண்டும். மேலே இறுக்கிக் கட்டவோ சூடு ஒத்தடம் கொடுக்கவோ கூடாது, புண்ணிலும் படக்கூடாது. இரண்டு வாரமாவது இப்படிச் செய்து பார்த்துவிட்டுத்தான் பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். உங்கள் அம்மாவுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: கிரியேட்டினின் முடிவைப் பார்த்து டாக்டர் சரி என்ற பிறகு தொடங்குங்கள். முதலில் அதிகம் வலிக்கும் ஒரு முழங்காலுக்கு மட்டும் போதும்.

அப்புறம் பாராசிட்டமால். தேய்மான வலியில் இதன் பலன் டைக்ளோஃபெனாக் அளவுக்கு இராது. இதை முன்பே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது. ஆனால் எப்போது போடுகிறோம் என்பதைப் பொறுத்து பலன் கூடும். மாடி ஏற வேண்டிய வேலை பத்து மணிக்கு என்றால் ஒன்பது மணிக்கே 500 மி.கி. மாத்திரை இரண்டு போடச் சொல்லுங்கள், வலி உச்சத்துக்குப் போன பிறகு வேண்டாம். இந்த வயதில் ஒரு நாளைக்கு 3 கிராமுக்கு, அதாவது ஆறு மாத்திரைக்கு மேல் போகவேண்டாம். எடை 50 கிலோவுக்குக் குறைவு என்றாலோ கல்லீரல் கோளாறு இருந்தாலோ அளவு இன்னும் குறையும், டாக்டரைக் கேளுங்கள். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வகை வேண்டவே வேண்டாம், அதில் சோடியம் மிக அதிகம். சாதாரண பாராசிட்டமாலையும் வாரக்கணக்கில் முழு அளவில் போட்டால் சிலருக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுகிறது, அதனால் பிரஷரை வாரம் இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தொடையின் முன்தசை. மாடி ஏறும்போது முழங்காலைத் தாங்குவது அதுதான். வலியென்று உட்கார்ந்தே இருந்தால் அந்தத் தசை மெலிந்து, வலி இன்னும் கூடும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து விநாடி பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். மூச்சை அடக்காமல் எண்ணிக்கொண்டே செய்யட்டும். பலன் தெரிய எட்டு வாரம் போல ஆகும். அதுவரை மாடி ஏறும்போது வலி குறைந்த காலை முதலில் மேலே வைக்கட்டும், இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் கீழே வைக்கட்டும். சமதளத்தில் நடக்கத் தடி வேண்டுமென்றால் அதை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள்.

இவ்வளவும் செய்து இரண்டு மூன்று மாதத்தில் போதவில்லை என்றால், மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நிம்மதி தரும். சர்க்கரை இருந்தால் சில நாள் ஏறும். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சையும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு மூடிய கதவில்லை. இரண்டு வருடம் ஆகிவிட்டதால் இதய டாக்டரோடு உட்கார்ந்து பேசக்கூடிய விஷயம்தான்.

இன்னும் ஒன்று, இதை மறக்காதீர்கள். சென்ற ஆண்டு ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். அவரும் ஸ்டென்ட் வைத்தவர். மருந்துப் பையை மேசையில் கொட்டியதும் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பி, பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படித்தேன். மூன்று வெவ்வேறு பெயரில் மூன்று அட்டை, மூன்றிலும் டைக்ளோஃபெனாக்கோ அசெக்ளோஃபெனாக்கோ இருந்தது. ஒன்றில் பாராசிட்டமாலும் சேர்ந்திருந்தது. ஆஸ்பிரின் அட்டையை மட்டும் காணவில்லை. "வலி மாத்திரை எதுவும் கூடாதுன்னாங்க டாக்டர், இதுவும் வலி மாத்திரைதானேன்னு விட்டுட்டேன்" என்றார். பெயர் தெரிந்ததை நிறுத்திவிட்டு, தெரியாததை எல்லாம் போட்டுக்கொண்டிருந்தார்.

75 மி.கி. ஆஸ்பிரினை உங்கள் அம்மா ஒரு நாளும் தானாக நிறுத்தக் கூடாது. அந்தச் சிறிய அளவில் அது வலி மாத்திரையாக வேலை செய்வதில்லை. தட்டணுவுக்குக் கரு இல்லை, அதனால் ஆஸ்பிரின் முடக்கிய நொதியைப் புதிதாகச் செய்துகொள்ள முடியாமல் தன் ஆயுளான ஏழு முதல் பத்து நாளும் முடங்கியே இருக்கும். குழாய்ச் சுவரின் செல்களுக்குக் கரு உண்டு, அவை புது நொதியை உருவாக்கிக்கொள்ளும். அதனால் ஆஸ்பிரின் ஒட்டவைக்கும் பக்கத்தைத்தான் முடக்குகிறது. டைக்ளோஃபெனாக் செய்வது இதற்கு நேர் எதிர்.

வீட்டில் உள்ள அட்டைகளை எல்லாம் எடுத்து இதே மாதிரி பின்பக்கம் பார்த்துப் பிரித்து வையுங்கள். டைக்ளோஃபெனாக் சோடியம், டைக்ளோஃபெனாக் பொட்டாசியம், அசெக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப், இபுப்ரொஃபென் என்று எதில் இருந்தாலும் அது வேண்டாம். அம்மாவின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் 'இதய ஸ்டென்ட் உள்ளது, டைக்ளோஃபெனாக் மாத்திரையோ ஊசியோ கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். முதுகுப் பிடிப்புக்கோ பல் பிடுங்கவோ வேறு டாக்டரிடம் போகும்போது அவசரத்தில் போடுகிற வலி ஊசி பெரும்பாலும் இதே மருந்தாக இருக்கும். ஊசி போடுமுன் அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், ஒரு வாரத்து எடைக் குறிப்போடு எனக்கு எழுதுங்கள்.